பதற்றம் தணிய சிகரெட் பிடிப்பவர் எந்த வழியில் விடலாம்?

"டென்ஷன் ஏறும்போது ஒரு தம் போட்டால்தான் மனசு அடங்குது" என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. அந்த நேரத்தில் தோள் தளர்வதும் கோபம் இறங்குவதும் நிஜம்தான். ஆனால் அந்த சிகரெட் தணிப்பது எந்தப் பதற்றத்தை என்று பார்த்தால், பெரும்பாலும் அது முந்தைய சிகரெட் விட்டுப்போன பதற்றமாகவே இருக்கிறது. நிம்மதிக்காகப் புகைப்பவர்கள் விட அஞ்சுவதற்கும், விட்ட சில நாட்களில் திரும்பிவிடுவதற்கும் இதுவே முக்கியக் காரணம். பதற்றத்துக்கு இருக்கும் ஒரே மருந்தையும் கைவிடுகிறோம் என்று அவர்கள் நினைக்கிறார்கள்.

விடும் வழிகளை ஒப்பிடும்போது எதற்குச் செலவு குறைவு, எதில் வெற்றி அதிகம் என்றுதான் வழக்கமாகப் பார்ப்பார்கள். நிம்மதிக்காகப் புகைப்பவருக்கு அது போதாது. இந்த வழியில் போனால் என் பதற்றம் எவ்வளவு கூடும், எத்தனை நாள் கூடும், எப்போது இறங்கும் என்பது அவருக்குத் தெரிய வேண்டும். அந்த அளவுகோலை வைத்தே இங்கே ஒவ்வொரு வழியையும் பார்க்கிறேன்.

இரண்டு சிகரெட்டுக்கு நடுவே

உள்ளே இழுத்த புகையிலுள்ள நிக்கோடின் 10 முதல் 20 விநாடிக்குள் மூளையை அடைகிறது. அங்கே அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளுக்கென்று இருக்கும் ஏற்பிகளில் இது போய் உட்கார்ந்துகொள்கிறது. டோபமைன் சுரக்கிறது, ஒரு இதம் கிடைக்கிறது. நாள்தோறும் இப்படி நடக்கும்போது அந்த ஏற்பிகள் மரத்துப்போகின்றன. அதை ஈடுகட்ட மூளை அவற்றின் எண்ணிக்கையைக் கூட்டிவிடுகிறது. இரத்தத்தில் உள்ள நிக்கோடின் சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். அளவு இறங்க இறங்க, பெருகிக் கிடக்கும் ஏற்பிகள் ஒவ்வொன்றாக விழித்து நிக்கோடின் கேட்கத் தொடங்குகின்றன. சிடுசிடுப்பு, இருப்புக்கொள்ளாமை, கவனம் சிதறுதல், காரணம் சொல்ல முடியாத பதற்றம் எல்லாம் அப்போது வருபவை. அடுத்த சிகரெட் வந்ததும் இவை அடங்குகின்றன. சிரங்கைச் சொறியும்போது கிடைக்கும் சுகம் போன்றது இது. சுகம் உண்மை, ஆனால் சிரங்கு இல்லாதவனுக்கு அந்தச் சுகம் தேவைப்படுவதே இல்லை.

நிக்கோடின் உடலளவில் ஒரு தூண்டும் பொருள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அது அட்ரினலினைச் சுரக்க வைத்து நாடித்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் ஏற்றுகிறது. மனசு அடங்கியதாகத் தோன்றும் அந்த நிமிடத்தில் இதயம் வேகமாகத்தான் துடித்துக்கொண்டிருக்கிறது. பிரிட்டிஷ் உளவியலாளர் ஆண்ட்ரூ பாரட் 1999-ல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் இதைத் தெளிவாகச் சொன்னார்: புகைப்பவர் உணரும் தளர்வு, நிக்கோடின் குறைந்ததால் ஏறிய இறுக்கம் விலகுவது மட்டுமே. புகைக்காதவர் இயல்பாக இருக்கும் நிலைக்குத் திரும்பிவரவே அவருக்கு சிகரெட் தேவைப்படுகிறது.

நிம்மதியில் இன்னொரு பங்கும் உண்டு, அதை ஒதுக்கிவிடக் கூடாது. இருக்கையை விட்டு எழுந்து வெளியே வருகிறார். டீக்கடை நிழலில் நண்பரோடு நிற்கிறார். நீளமாக மூச்சை இழுத்து மெல்ல விடுகிறார். இவை உண்மையிலேயே பதற்றத்தைக் குறைப்பவை, இவற்றுக்கு நிக்கோடினே தேவையில்லை. விடும்போது இந்தப் பங்கையும் சேர்த்து விட்டுவிடுவதுதான் பலர் செய்யும் தவறு. டீக்கடைக்குப் போவதையே நிறுத்திக்கொண்டு, நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து பல்லைக் கடிப்பார்கள்.

ஒருவரை வைத்துப் பார்ப்போம்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி மேற்பார்வையாளரை மாதிரிக்கு எடுத்துக்கொள்வோம். வயது 38, நாளுக்கு 15 சிகரெட். காலை ஆறு மணிக்கு எழுந்து பத்து நிமிடத்தில் டீயோடு முதல் சிகரெட். பஞ்சும் துணியும் குவிந்து கிடக்கும் இடம் என்பதால் உள்ளே புகைக்க வழியில்லை. வேலை தொடங்கும் எட்டரை மணிக்கு முன் ஒன்று, பத்தரை மணி டீ இடைவேளையில் ஒன்று, மதியச் சாப்பாட்டுக்குப் பின் இரண்டு, நாலு மணிக்கு ஒன்று, மிச்சமெல்லாம் வேலை முடிந்து இரவு வரைக்கும். ஷிப்மென்ட் நெருக்கடிதான் தன்னைப் புகைக்க வைக்கிறது என்பது அவர் நம்பிக்கை.

அவர் மூன்று நாள் ஒரு சின்ன நோட்டில் குறிக்கட்டும். ஒவ்வொரு சிகரெட்டுக்கும் முன்பு பதற்றம் பத்துக்கு எத்தனை, பிடித்து இருபது நிமிடம் கழித்து எத்தனை, அப்போது என்ன நடந்துகொண்டிருந்தது என்ற மூன்றும் போதும். இப்படி ஒரு பதிவு வரக்கூடும்: காலை ஒன்பது மணிக்கு தைத்த துணி முழுவதும் அளவு மாறிப்போய் பெரிய சிக்கல், ஆனால் பதற்றம் 4. பத்தே காலுக்கு லைன் சரியாக ஓடுகிறது, ஒரு பிரச்சினையும் இல்லை, பதற்றம் 7. பத்தரைக்கு சிகரெட், அதன்பின் 3. ஞாயிறன்று வீட்டில் நினைத்த நேரத்தில் பிடித்தபோது பகல் முழுக்க 3, 4. அன்று மாலையே குடும்பத்தோடு சினிமாவுக்குப் போய் மூன்று மணி நேரம் உட்கார்ந்தபோது 8.

பதற்றம் சிக்கலைப் பின்தொடர்ந்து ஏறினால் அது வேலையின் பதற்றம். கடைசி சிகரெட்டிலிருந்து கடந்த நேரத்தைப் பின்தொடர்ந்தால் அது நிக்கோடினின் பதற்றம். நிதானமாகக் குறித்துப் பார்த்தால் இரண்டையும் பிரித்தறிவது சிரமமில்லை. இந்த நோட்டு இல்லாமல் முடிவெடுக்க வேண்டாம் என்பேன், ஏனென்றால் எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கும் இதுவே அடிப்படை.

அப்படியே தொடர்வது, அல்லது குறைப்பது

தொடர்வதும் ஒரு தேர்வுதான், அதற்கும் விலை உண்டு. புற்றுநோய், மாரடைப்பை ஒரு பக்கம் வைத்துவிட்டு பதற்றத்தை மட்டும் கணக்கிட்டாலும், மேற்பார்வையாளர் தினமும் 15 முறை அந்த நிக்கோடின் இறக்கத்தில் இறங்கி ஏறுகிறார். இதில் நீளமானது இரவின் இடைவெளி, அதனால்தான் முதல் சிகரெட் அவ்வளவு இனிக்கிறது. எத்தனை வருடம் பிடித்தாலும் இந்த ஏற்ற இறக்கம் தானாகத் தீர்வதில்லை.

பலரும் முதலில் நாடுவது குறைப்பதைத்தான். "15-ஐ 7 ஆக்கிவிடுகிறேன், பிறகு பார்க்கலாம்." கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் பதற்றத்தின் கண்ணால் பார்த்தால், துணை எதுவும் இல்லாமல் வெறுமனே குறைப்பதுதான் இருப்பதிலேயே கடினமான வழி என்பது என் கருத்து. சிகரெட் பாதியானால் இடைவெளி இரண்டு மடங்காகிறது. ஒவ்வொரு இடைவெளியிலும் பதற்றம் முன்பைவிட உயரத்துக்கு ஏறுகிறது. அதன் முடிவில் வரும் ஒரு சிகரெட் முன்பைவிடப் பெரிய வரமாகத் தோன்றுகிறது. சிகரெட்தான் நிம்மதி என்ற பாடத்தை மூளை இன்னும் அழுத்தமாகக் கற்றுக்கொள்கிறது. போதாக்குறைக்கு, எண்ணிக்கை குறைந்தவர்கள் தங்களை அறியாமலே ஒவ்வொன்றையும் ஆழமாக, பில்டர் வரைக்கும் இழுப்பார்கள். உள்ளே போகும் நிக்கோடின் எண்ணிக்கையின் அளவுக்குக் குறைவதில்லை. நிக்கோடின் குறைவதால் வரும் விலகல் அவஸ்தை மட்டும் முடிவே இல்லாமல் மாதக்கணக்கில் நீள்கிறது.

2016-ல் இங்கிலாந்தில் சுமார் 700 பேரை வைத்து இதைச் சோதித்தார்கள். ஒரு பிரிவினர் இரண்டு வாரத்தில் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார்கள், மற்றவர்கள் குறித்த நாளில் ஒரேயடியாக நிறுத்தினார்கள். இரு தரப்புக்கும் நிக்கோடின் மாற்று மருந்தும் ஆலோசனையும் கிடைத்தன. நான்கு வாரம் கழித்து, குறைத்தவர்களில் நூற்றுக்கு 39 பேரும் ஒரேயடியாக விட்டவர்களில் 49 பேரும் புகைக்காமல் இருந்தார்கள். ஆறு மாதத்தில் அது சுமார் 15-ம் 22-ம் ஆனது. விடவே மனம் வராதவர் நிக்கோடின் தரும் பேட்ச்சைத் தோலில் ஒட்டிக்கொண்டு சிகரெட்டைக் குறைப்பது வேறு விஷயம், அங்கே இடைவெளிகள் காலியாக இருப்பதில்லை. வெறுங்கையோடு குறைப்பதைத்தான் தவிர்க்கச் சொல்கிறேன்.

ஒரே நாளில், துணையின்றி

பதற்றக் கணக்கில் இது பார்ப்பதற்குப் பயங்கரம், ஆனால் நேர்மையான வழி. முதல் நாளே ஏறும், இரண்டு மூன்று நாளில் உச்சம் தொடும், முதல் வாரத்துக்குப் பிறகு இறங்கும், பெரும்பாலும் மூன்று நான்கு வாரத்தில் அடங்கிவிடும். தினமும் 15 முறை வந்த இறக்கத்துக்குப் பதிலாக முடிவுள்ள ஒரே நீண்ட இறக்கம். சிக்கல் என்னவென்றால், முதல் வாரத்தைத் தாண்டாமலே பெரும்பாலோர் திரும்பிவிடுகிறார்கள். எந்தத் துணையும் இல்லாமல் ஒரு முறை முயல்பவர்களில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேர்தான் ஒரு வருடம் வரை தாக்குப்பிடிக்கிறார்கள்.

இந்த வாரத்தைத் தேவையில்லாமல் கடினமாக்கும் ஒன்று நம் ஊரில் ஒவ்வொரு மூலையிலும் கிடைக்கிறது: டீயும் காபியும். சிகரெட் புகையிலுள்ள தார்ப்பொருட்கள் கல்லீரலில் CYP1A2 என்ற நொதியை வேகப்படுத்துகின்றன. காபீனைச் சிதைப்பதும் அதே நொதிதான். அதனால் புகைப்பவர் உடலில் காபீன் சீக்கிரம் கரைந்துவிடும், நாளுக்கு ஆறு டீ குடித்தாலும் படபடப்பு தெரியாது. புகையை நிறுத்திய சில நாட்களிலேயே நொதி பழைய வேகத்துக்கு இறங்கிவிடுகிறது. அதே ஆறு டீ இப்போது உடலில் நெடுநேரம் தங்குகிறது. நெஞ்சு படபடக்கிறது, கை நடுங்குகிறது, தூக்கம் வரவில்லை. விட்டவர் இதையும் விலகல் பதற்றம் என்றே நினைக்கிறார், "சிகரெட் இல்லாமல் என்னால் முடியாது" என்று முடிவு கட்டுகிறார். நிறுத்தும் நாளிலிருந்தே டீ, காபியைப் பாதியாக்கினால் போதும். நொதியை வேகப்படுத்துவது நிக்கோடின் அல்ல, புகை. ஆகவே பேட்ச் ஒட்டினாலும், மாத்திரை எடுத்தாலும் டீயைக் குறைப்பது எல்லோருக்கும் பொருந்தும்.

பேட்ச்சும் கம்மும்

நிம்மதிக்காகப் புகைக்கும் பெரும்பாலானவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதை, அதுவும் இரண்டையும் சேர்த்து. "அதிலும் நிக்கோடின்தானே இருக்கிறது, அது பதற்றம் தராதா?" என்ற கேள்வி உடனே வரும். நியாயமான கேள்வி. பதற்றத்தைக் கிளப்புவது நிக்கோடின் சட்டென்று ஏறி இறங்கும் வேகம். சிகரெட்டில் அது விநாடிகளில் ஏறி, சில மணி நேரத்தில் பாதிக்கும் கீழே விழுகிறது. பேட்ச்சில் தோல் வழியாக மெதுவாக, நாள் முழுக்க ஏறக்குறைய ஒரே அளவில், சிகரெட் தருவதைவிடக் குறைவாக வருகிறது. மேடுபள்ளம் சமமாகிறது. பெருகிய ஏற்பிகள் பதறாமல் மெல்லக் குறைய நேரம் கிடைக்கிறது.

பத்து சிகரெட்டுக்கு மேல் பிடிப்பவர் வழக்கமாக 21 மில்லிகிராம் பேட்ச்சில் தொடங்குவார். ஆறு வாரம் அது, பிறகு 14 மில்லிகிராமில் இரண்டு வாரம், 7 மில்லிகிராமில் இரண்டு வாரம். பத்துக்குள் பிடிப்பவர் 14-ல் தொடங்கலாம். காலையில் முடி இல்லாத இடத்தில் ஒட்டி, தினமும் இடத்தை மாற்ற வேண்டும். இரவில் கெட்ட கனவும் தூக்கக் குறைவும் வந்தால் படுக்கும்போது எடுத்துவிடலாம். இதயநோய் உள்ளவர், கர்ப்பிணி, வேறு மருந்து எடுப்பவர் மருத்துவரைக் கேட்ட பிறகே தொடங்க வேண்டும்.

பேட்ச் அடித்தளத்தைத்தான் தாங்கும். பத்தே கால் மணி போன்ற திடீர் ஏற்றத்துக்கு நிக்கோடின் கலந்த கம் வேண்டும். எழுந்து அரை மணிக்குள் முதல் சிகரெட் பிடிப்பவருக்கு 4 மில்லிகிராம், அதற்குப் பிறகு பிடிப்பவருக்கு 2 மில்லிகிராம் என்பது பொதுவான வழிகாட்டல். நம் மேற்பார்வையாளர் பத்து நிமிடத்தில் பற்றவைப்பவர், அதனால் அவருக்கு 4. ஆனால் அதை மருத்துவர் சீட்டோடு வாங்குவதே சரி.

"கம் எனக்கு ஒத்துக்கலை" என்று சொல்பவர்களிடம் எப்படி மென்றீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் விடை அங்கேயே கிடைத்துவிடும். பபிள்கம் போலத் தொடர்ந்து மென்றிருப்பார்கள். அப்படி மென்றால் நிக்கோடின் எச்சிலோடு வயிற்றுக்குப் போகிறது. விக்கல், நெஞ்செரிச்சல், குமட்டல் வரும், மூளைக்கு மட்டும் போதிய அளவு போகாது. மிளகு கடித்தது போல நாக்கில் சுரீரென்று தெரியும் வரை மெதுவாக மென்று, பிறகு கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கிவைக்க வேண்டும். சுரீர் குறைந்ததும் மறுபடி இரண்டு மூன்று முறை மென்று இன்னொரு பக்கம் ஒதுக்க வேண்டும். இப்படி அரை மணி. நிக்கோடின் வாயின் உட்தோல் வழியாகத்தான் ஏற வேண்டும், அதற்கு எச்சிலில் புளிப்பு இருக்கக் கூடாது. டீ, காபி, குளிர்பானம், எலுமிச்சைச் சாறு எல்லாம் அதைத் தடுக்கும். ஆகவே கம்முக்கு முன் 15 நிமிடமும் மெல்லும்போதும் எதையும் குடிக்கக் கூடாது. டீயோடு சேர்த்து மென்றால் அது வீண்.

கம் சிகரெட்டைப் போல விநாடிகளில் வேலை செய்யாது, இருபது முப்பது நிமிடம் எடுக்கும். எனவே ஏக்கம் வந்த பிறகு தேடக் கூடாது. மேற்பார்வையாளர் பத்தே காலின் ஏற்றத்தை நோட்டில் பார்த்துவிட்டார், அவர் ஒன்பதே முக்காலுக்கே கம்மை வாயில் போட வேண்டும். பத்தரை மணிக்கு டீக்கடைக்கு வழக்கம்போலப் போகட்டும், கம்மைத் துப்பிவிட்டு அரை டீ குடிக்கட்டும், நண்பர்களிடமிருந்து நாலு அடி தள்ளி நின்று நீளமாக மூச்சு விட்டுத் திரும்பட்டும். பழைய சிகரெட்டில் இருந்த உண்மையான ஓய்வு அவருக்கு அப்படியே கிடைத்துவிடும்.

அளவு சரியா என்று கண்டுபிடிப்பது எளிது. ஒட்டிய அல்லது மென்ற சற்று நேரத்தில் குமட்டல், தலைச்சுற்று, படபடப்பு வந்தால் அளவு அதிகம். சிடுசிடுப்பும் ஏக்கமும் நாளெல்லாம் ஓயவில்லை என்றால் அளவு போதவில்லை. நடைமுறையில் அதிகம் பார்ப்பது இரண்டாவதைத்தான். மருந்துக்கும் அடிமையாகிவிடுவோமோ என்ற பயத்தில் நாளுக்கு இரண்டு கம் மென்றுவிட்டு, பலனில்லை என்று ஐந்தாம் நாள் சிகரெட்டுக்குத் திரும்புவார்கள். பேட்ச்சோ கம்மோ ஒன்றை மட்டும் பயன்படுத்துவதைவிட இரண்டையும் சேர்ப்பது வெற்றி வாய்ப்பைச் சுமார் கால் பங்கு கூட்டுகிறது.

மாத்திரை

வரெனிக்லின் என்ற மாத்திரை வேறு விதமாக வேலை செய்கிறது. நிக்கோடின் உட்காரும் அதே ஏற்பியில் இது உட்கார்ந்து, பாதியளவு தூண்டுகிறது. விலகல் பதற்றம் அடங்குகிறது, இடையில் யாராவது நீட்டி ஒரு சிகரெட் பிடித்தாலும் அது இனிப்பதில்லை. நிறுத்தும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே சிறு அளவில் தொடங்கி, எட்டாம் நாள் முதல் காலையும் இரவும் 1 மில்லிகிராம் என 12 வாரம் எடுப்பது வழக்கம். குமட்டல்தான் பெரிய தொந்தரவு, அதனால் சாப்பிட்ட பிறகு நிறையத் தண்ணீரோடு விழுங்க வேண்டும்.

மனப்பதற்றம் உள்ளவர்கள் இந்த மாத்திரைக்கு அஞ்சுவதற்கு ஒரு வரலாறு உண்டு. மனநிலையைக் கெடுக்கக்கூடும் என்ற கடும் எச்சரிக்கை அமெரிக்காவில் இதன் பெட்டியிலேயே அச்சாகியிருந்தது. பிறகு 8,000 பேருக்கு மேல் கலந்துகொண்ட, அவர்களில் பாதிப் பேருக்கு மனநலச் சிக்கல் இருந்த ஒரு பெரிய ஆய்வு 2016-ல் வெளிவந்தது. பேட்ச் ஒட்டியவர்களையும் மருந்தே இல்லாத போலி மாத்திரை எடுத்தவர்களையும்விட வரெனிக்லின் எடுத்தவர்களுக்கு மனநலப் பக்கவிளைவு குறிப்பிடத்தக்க அளவு கூடவில்லை, விட்டவர்கள் எண்ணிக்கையில் வரெனிக்லினே முதலில் வந்தது. அதே ஆண்டு அந்த எச்சரிக்கை நீக்கப்பட்டது. ஆகவே பேட்ச், கம் சரியாகப் பயன்படுத்தியும் முடியாதவர் தயங்காமல் மருத்துவரிடம் இதைக் கேட்கலாம். தூக்கமும் படபடப்பும் ஏற்கெனவே சிக்கலாக இருப்பவருக்கு, புகைவிட உதவும் இன்னொரு மாத்திரையான புப்ரோபியன் என் முதல் தேர்வு அல்ல, அது தூக்கத்தைக் கெடுக்கக்கூடியது, வலிப்பு வந்தவர்களுக்குக் கூடவே கூடாது. மின்சிகரெட்டை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை, 2019-லிருந்து இந்தியாவில் அதன் விற்பனைக்கே தடை இருக்கிறது.

விட்ட பிறகு

முதல் வாரம் ஏறும் பதற்றத்தைப் பார்த்து, வாழ்நாள் முழுக்க இப்படித்தான் இருக்கும் என்று அஞ்ச வேண்டாம். 2014-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் 26 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். குறைந்தது ஆறு வாரம் கழித்து அளந்தபோது, விட்டவர்களின் பதற்றமும் மனச்சோர்வும் தொடர்ந்து புகைத்தவர்களுடையதைவிடக் குறைந்திருந்தன. மனநலச் சிக்கல் உள்ளவர்களிடமும் அதே போக்குதான். மனம் தெளிவாக இருந்தவர்களால்தான் விட முடிந்தது என்றும் ஒருவர் வாதிடலாம், அதை இந்த வகை ஆய்வால் முழுக்க மறுக்க முடியாது. ஆனால் மூளையில் நடப்பதோடு இந்த முடிவு பொருந்திப்போகிறது.

நான்கு முதல் ஆறு வாரம் தாண்டியும் பதற்றம் இறங்கவில்லை என்றால், நோட்டில் சிக்கலைப் பின்தொடர்ந்த அந்தப் பதற்றம் இது, நிக்கோடினுக்கு அடியில் முன்பே இருந்தது. அதற்குத் தனிச் சிகிச்சை உண்டு, மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். மருந்துக்கடையில் தூக்க மாத்திரை கேட்டு வாங்கியோ, மாலையில் மதுவை நாடியோ சமாளிக்கக் கூடாது. மது உள்ளே போன இரவுகளில்தான் பலர் மறுபடி சிகரெட்டைத் தொடுகிறார்கள்.

ஏற்கெனவே குளோசபின் அல்லது ஓலன்சபின் என்ற மனநல மருந்து எடுப்பவர் புகையை நிறுத்தும் நாளுக்கு முன்பே தன் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். காபீனைப் போலவே இவற்றையும் சிதைப்பது அதே நொதி, புகை நின்றதும் இரத்தத்தில் மருந்தின் அளவு ஏறிவிடும், அளவைக் குறைத்து எழுத வேண்டியிருக்கும். மற்றவர்கள் சிகரெட் பெட்டியிலேயே அச்சிட்டிருக்கும் 1800-11-2356 என்ற இலவச எண்ணில் ஆலோசகரோடு பேசி, நோட்டில் குறித்ததைச் சொல்லி, நிறுத்தும் நாளைக் குறித்துக்கொள்ளலாம்.